சம்பளம் போடும் முன் எக்ஸெலில் சில சோதனைகள்

மேடவாக்கம் கூட்ரோடு பக்கம் உள்ள ஒரு லேத் பட்டறையில் 14 பேர் வேலை செய்கிறார்கள். விரல் ரேகை வைக்கும் மெஷின் வருகையைப் பதிவு செய்கிறது. அதிலிருந்து எடுத்த பைலை வைத்து, கணக்கு எழுதுபவர் எக்ஸெலில் சம்பளப் பட்டியல் தயாரிக்கிறார். அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் சம்பளம் தரவேண்டும் என்பது சட்டம். எனவே கடைசி இரண்டு நாளில் எல்லாம் அவசரம்தான். அந்தப் பட்டியலில் நான் சேர்த்துக் கொடுத்த சோதனைகளை இங்கே பார்ப்போம்.

முதலில் வருகை. C முதல் G வரை உள்ள காலங்களில் வேலைக்கு வந்த நாள், வார விடுமுறை, அரசு விடுமுறை, சம்பளத்துடன் லீவு, சம்பளமில்லாத லீவு என எண்களைப் பதியவும். ஐந்தையும் கூட்டினால் அந்த மாதத்தின் நாட்கள் வர வேண்டும். N1 செல்லில் 30 அல்லது 31 என டைப் செய்துவிட்டு, இந்த பார்முலாவைத் தரவும்.

```
=IF(SUM(C2:G2)=$N$1,"OK","CHECK")
```

CHECK என வந்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். காலையில் விரல் வைத்தவர் மாலையில் வைக்க மறந்திருப்பார். மெஷின் அந்த நாளை எதிலும் சேர்க்காமல் விட்டிருக்கும். மாத நடுவில் சேர்ந்தவருக்கும் CHECK வரும். அதையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது ஓவர்டைம். உண்மையான ஆபத்து இங்குதான் இருக்கிறது. இரவு 8 மணிக்கு வந்து காலை 5 மணிக்குப் போனவரின் நேரத்தைக் கழித்தால், எக்ஸெல் #### என்று காட்டும். நேரம் மைனசில் போவதே காரணம். வந்த நேரம் B2 செல்லிலும், போன நேரம் C2 செல்லிலும் உள்ள வருகை ஷீட்டில் இப்படி எழுதினால் சரியாக 9:00 கிடைக்கும்.

```
=MOD(C2-B2,1)
```

#### வந்தால் கண்ணில் படும். கண்ணில் படாத தவறு இன்னொன்று உண்டு. பட்டறையில் ஒருவர் மாதம் முழுவதும் பார்த்த ஓவர்டைம் 27 மணி 30 நிமிடம். கூட்டல் செல்லில் தெரிந்ததோ 3:30. எக்ஸெல் 24 மணியைத் தாண்டியதும் கடிகாரம் போல மீண்டும் பூஜ்ஜியத்திலிருந்து காட்டுகிறது. அதைப் பார்த்து 3.5 மணி என்று சம்பளப் பட்டியலில் டைப் செய்துவிட்டார்கள்.

அவருக்கு நாள் சம்பளம் 600 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 75. ஓவர்டைமுக்கு இரு மடங்கு என்பதால் 150. வர வேண்டியது 4,125 ரூபாய். வந்தது 525. அவர் வந்து கேட்கும் வரை 3,600 ரூபாய் குறைந்தது யாருக்கும் தெரியவில்லை.

இதைத் தவிர்க்க, கூட்டல் செல்லில் Ctrl + 1 அழுத்தி, Custom பிரிவில் கீழே உள்ளதை டைப் செய்யவும்.

```
[h]:mm
```

இப்போது 27:30 எனத் தெரியும். அதோடு, பார்த்து டைப் செய்யும் வேலையே வேண்டாம். சம்பளப் பட்டியலின் H2 செல்லில் இந்தக் கூட்டலை இணைத்து, I2 செல்லில் நாள் சம்பளத்தை வைத்துக்கொண்டு இதை எழுதுங்கள்.

```
=H2*24*I2/8*2
```

24 எதற்கு என்கிறீர்களா? எக்ஸெல் நேரத்தை ஒரு நாளின் பங்காக வைத்திருக்கிறது. 12 மணி நேரம் அதற்கு 0.5. எனவே 24-ஆல் பெருக்கினால்தான் மணிக்கணக்கு வரும். அதை விட்டுவிட்டால் 4,125-க்குப் பதில் 171.88 என்று வரும்.

பிடித்தங்களில் தவறு வருவது, போன மாத ஷீட்டை காப்பி செய்து தொடங்கும் பழக்கத்தால். தமிழ்நாட்டில் தொழில் வரி ஆறு மாதத்துக்கு ஒரு முறைதான். ஆகஸ்டில் பிடித்தது செப்டம்பர் ஷீட்டிலும் அப்படியே நிற்கும். பலர் செய்வது போல போன மாதத்தோடு ஒப்பிட்டு வித்தியாசம் தேடினால் இது சிக்காது, வித்தியாசம்தான் இல்லையே! மாறாக, ஒரே தொகை மீண்டும் வந்தால் சந்தேகப்பட வேண்டும். போன மாத ஷீட்டுக்கு OLD எனப் பெயர் தந்து, A காலத்தில் ஊழியர் எண்ணும் K காலத்தில் தொழில் வரியும் இருந்தால் பார்முலா இது.

```
=IF(AND(K2>0,K2=VLOOKUP(A2,OLD!A:K,11,FALSE)),"CHECK","OK")
```

#N/A என்று வந்தால் அவர் போன மாதப் பட்டியலில் இல்லை, புதியவர் என்று பொருள். அட்வான்ஸ் தவணைக்கு இது உதவாது, அது மாதாமாதம் ஒரே தொகைதான். அதற்குப் பாக்கித் தொகையை M காலத்தில் வைத்து, L காலத்தின் பிடித்தம் அதைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கடைசியாக, பேங்க்குக்கு அனுப்பும் பைலின் மொத்தமும் சம்பளப் பட்டியலின் மொத்தமும் ஒன்றா என்று பார்க்கவும். CHECK வரிகளைத் தேட பில்டர் போட்டிருந்து, எடுக்க மறந்து காப்பி செய்தால், மறைந்திருக்கும் ஆட்கள் பேங்க் பைலுக்குப் போக மாட்டார்கள். ஆனால் SUM அவர்களையும் சேர்த்தே கூட்டும். இரண்டு மொத்தமும் மாறுபட்டால் முதலில் பில்டரை நீக்கிவிட்டு, மீண்டும் காப்பி செய்யுங்கள்.