ரூபாய் நோட்டுப் பாணியில் மேல்கோட்டை மலை



1954இல் வெளிவந்த ஆயிரம் ரூபாய் நோட்டில் தஞ்சைப் பெரிய கோயில் இருந்தது. 1978இல் அந்த நோட்டு செல்லாததாகிவிட்டது. அது போன்ற பழைய நோட்டுச் சித்திரங்களில் சாம்பல் நிறமே கிடையாது. எல்லாம் கோடுகள்தாம். கோடு தடித்தால் நிழல், மெலிந்தால் வெளிச்சம்.

சங்க மலரின் அட்டைக்காக, மேல்கோட்டைக் கல்யாணி தீர்த்தத்திலிருந்து நான் எடுத்த யோக நரசிம்மர் மலைப் புகைப்படத்தை அப்படி மாற்ற முயன்றேன். கணினியில் GIMP என்ற இலவச மென்பொருள் போதும்.

முதலில் அளவு. அட்டையில் படம் 10 செ.மீ. அகலம். அங்குலத்துக்கு 600 புள்ளி என்றால் 2362 புள்ளிகள். கோட்டுக்குக் கோடு அரை மில்லிமீட்டர், அதாவது 12 புள்ளி, இடைவெளி வைத்தேன். புகைப்படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, மிகக் கறுப்பு 40, மிக வெளுப்பு 215 என்று சுருக்கினேன். இல்லாவிட்டால் வெளிச்சத்தில் கோடு அறுந்துபோகும். நிழலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து, புகைப்படத்தின் மேல் தனி அடுக்கில் கோடுகள். இவை வெறும் கறுப்புக் கோடுகளாக இருக்கக் கூடாது. கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் படிப்படியாக ஏறி இறங்க வேண்டும். வண்ணச்சாயக் கருவியில் Triangular wave என்பதைத் தேர்ந்து, மேலிருந்து கீழாக 6 புள்ளி நீளம் இழுத்தால் 12 புள்ளிக்கு ஒரு கோடு வரும். அந்த அடுக்கை Grain merge முறையில் வைத்து, இரண்டையும் இணைத்து, Threshold அளவை 128 ஆக்கினால் கோடு தானாகத் தடித்து மெலியும். புகைப்படத்தில் 64 என்ற கருமை உள்ள இடத்தில் 12இல் 9 புள்ளி கறுப்பாகும். 192 உள்ள இடத்தில் 3 புள்ளிதான்.

இணைப்பதற்கு முன்னால் வளைக்க வேண்டும். வானத்துக்கும் தண்ணீருக்கும் நேர்க்கோடு போதும். மலைப் பாறைக்கு மட்டும் கோட்டு அடுக்கின் நகலை Curve Bend கொண்டு வளைத்து, மலை வடிவத்துக்கு வெட்டிப் பொருத்தினேன். முதல் தடவை கிண்ணம் போலக் கீழ்நோக்கி வளைத்துவிட்டேன். மலை பள்ளமாகத் தெரிந்தது! கீழிருந்து அண்ணாந்து பார்க்கும் உருண்டைப் பொருளில் கோடுகள் வில் போல மேல்நோக்கித்தான் வளையும். அதைத் திருத்தியதும் பாறை முன்னே புடைத்து வந்தது.

ஆனாலும் மாதிரி அச்சில் மலையெங்கும் அலையலையான பட்டைகள்! தவறு என்னுடையதே. முடிந்த படத்தைக் கடைசியில் கொஞ்சம் சிறிதாக்கியிருந்தேன். ஒவ்வொரு கோடும் புள்ளிக் கட்டத்தில் வெவ்வேறாக விழுந்ததால் வந்த வினை அது. சரியான அளவில் மறுபடி செய்து, சாம்பல் இல்லாத இருநிறப் படமாக PNG கோப்பில் கொடுத்தேன். சாம்பல் படமாகக் கொடுத்தால் அச்சகத்தின் புள்ளித் திரை நம் மெல்லிய கோடுகளை மணி மணியாக உடைத்துவிடும்.

அச்சிட்டதும் ஒரு பூதக்கண்ணாடியால் பாருங்கள். வெளிச்சப் பகுதியில் கோடு அறுபடாமலும், நிழலில் வெள்ளை இடைவெளி அடைபடாமலும் இருந்தால், உங்கள் சித்திரம் தேறிவிட்டது.