மெல்லத் துடிக்கும் இதயம்

நுழையும்முன்

ஓய்வாக அமர்ந்திருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 70 முறை துடிக்கிறது. பல ஆண்டுகள் பயிற்சி பெற்ற நெடுந்தொலைவு ஓட்ட வீரரின் இதயமோ 50 முறை அளவிலேயே துடிக்கிறது. கடுமையாக உழைத்துப் பழகிய இதயம் ஓய்வில் ஏன் மெல்லத் துடிக்கிறது? குருதி, இதயம், தசை ஆகிய மூன்றும் பயிற்சியால் அடையும் மாற்றங்களின் வழியே இவ்வினாவிற்கு விடை காண்கிறது இப்பாடம்.

விரல் தட்டிக் கண்ட உண்மை

சுவீடன் நாட்டின் உப்சாலா நகரில் பணியாற்றிய ஹென்சன் என்னும் மருத்துவர், பனிச்சறுக்கு வீரர்களின் மார்பை விரலால் தட்டி, எழும் ஒலியின் வேறுபாட்டைக் கொண்டு அவர்களது இதயத்தின் எல்லையை அளந்தார். வீரர்களின் இதயம் பிறருடைய இதயத்தைவிடப் பெரியதாக இருப்பதை 1899ஆம் ஆண்டு வெளியிட்டார். இதயம் பெருத்தல் நோயின் அடையாளமாகக் கருதப்பட்ட காலம் அது. அவரோ இவ்விதயங்கள் நோயுற்றவை அல்ல; கூடுதல் வேலையைச் செய்யும் ஆற்றல் பெற்றவை என்று கருதினார்.

ஒரு சிறு கணக்கு

இதயம் ஒருமுறை சுருங்கும்போது வெளியேற்றும் குருதியின் அளவை வீச்சுக் கொள்ளளவு என்பர். பயிற்சி பெறாத ஒருவருக்கு இது ஓய்வில் ஏறத்தாழ 70 மில்லிலிட்டர். நிமிடத்திற்கு 70 துடிப்புகள் எனில், 4,900 மில்லிலிட்டர் குருதி உடலெங்கும் செல்கிறது. ஓட்ட வீரரின் வீச்சுக் கொள்ளளவு 100 மில்லிலிட்டர் எனக் கொள்வோம். அவருக்கு 50 துடிப்புகளில் 5,000 மில்லிலிட்டர் கிடைத்துவிடுகிறது. ஓய்வில் இருவருக்கும் தேவை ஒன்றே. அதை நிறைவேற்றும் முறைதான் வேறு.

முழு வேகத்தில் ஓடும்போது இருவரின் இதயமும் ஏறத்தாழ 200 துடிப்புகளை எட்டலாம். பயிற்சியால் இந்த உச்ச அளவு உயர்வதில்லை. ஆனால், ஒரு துடிப்பிற்கு 100 மில்லிலிட்டர் வெளியேற்றும் இதயம் 20 லிட்டரைத் தர, 170 மில்லிலிட்டர் வெளியேற்றும் இதயம் 34 லிட்டரைத் தருகிறது. இருவருக்கும் இடையிலான உண்மையான வேறுபாடு இங்கேதான் வெளிப்படுகிறது.

குருதியில் தொடங்கும் மாற்றம்

பயிற்சியின் முதல் இரு வாரங்களுக்குள்ளேயே குருதியின் நீர்மப் பகுதியாகிய பிளாஸ்மா பெருகத் தொடங்குகிறது. ஓடும்போது வியர்வையாக நீர் வெளியேறுவதால், உப்பையும் நீரையும் தேக்கிவைக்கும் ஹார்மோன்கள் மிகுதியாகச் சுரக்கின்றன. நீரைக் குருதிக்குழாய்க்குள் பிடித்துவைக்கும் ஆல்புமின் புரதமும் கூடுகிறது. சிவப்பணுக்களோ பல வாரங்கள், திங்கள்கள் கழித்தே மெல்லப் பெருகுகின்றன.

இந்தக் கால இடைவெளி ஒரு குழப்பத்திற்கு இடம் தருகிறது. 5 லிட்டர் குருதியில், 100 மில்லிலிட்டருக்கு 15 கிராம் வீதம் மொத்தம் 750 கிராம் ஹீமோகுளோபின் இருப்பதாகக் கொள்வோம். பிளாஸ்மா அரை லிட்டர் கூடினால், அதே 750 கிராம் இப்போது 5.5 லிட்டரில் பரவுகிறது. பரிசோதனை அறிக்கையில் அளவு 13.6 ஆகக் குறைந்து தோன்றும். ஹீமோகுளோபின் உண்மையில் குறையவில்லை; குருதி நீர்த்திருக்கிறது, அவ்வளவே. இதனைப் போலிக் குருதிச்சோகை எனலாம். உண்மையான இரும்புச்சத்துக் குறைவில், சேமிப்பு இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு குறையும். நாளடைவில் சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறும். ஓட்டப் பயிற்சி மேற்கொள்வோருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, உண்மைக் குறைவும் ஏற்படக்கூடும். எனவே, ஹீமோகுளோபின் அளவை மட்டும் கண்டு முடிவு செய்தல் கூடாது.

விரியும் இதயம்

குருதி பெருகியதும் இதயத்திற்குத் திரும்பி வரும் அளவும் பெருகுகிறது. மிகுதியாக நிரம்பும் இடது வென்ட்ரிக்கிளின் தசை மிகுதியாக இழுபடுகிறது. இழுபட்ட தசை அதற்கேற்ப வலிமையாகச் சுருங்குகிறது. இது பல திங்கள்கள் தொடரும்போது தசைச் செல்கள் நீண்டு அறை விரிகிறது. சுவரும் ஓரளவு தடிக்கிறது. வீச்சுக் கொள்ளளவு உயர்வது இவ்வாறுதான்.

தசைக்குள் பெருகும் உலைகள்

இதயம் அனுப்பும் ஆக்சிஜனைப் பயன்படுத்துவது தசைச் செல்லில் உள்ள மைட்டோகாண்ட்ரியா. அமெரிக்க அறிவியலாளர் ஜான் ஹாலொசி, எலிகளை ஓடுபொறியில் 12 வாரங்கள் ஓடச் செய்து, 1967ஆம் ஆண்டு தம் முடிவுகளை வெளியிட்டார். ஓடிய எலிகளின் கால் தசையில் மைட்டோகாண்ட்ரியாவின் புரதம் ஏறத்தாழ 60 விழுக்காடு கூடியிருந்தது. ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் ஏறத்தாழ இருமடங்காகியிருந்தது.

இதன் பயனாக, அதே வேகத்தில் ஓடும்போது தசை கொழுப்பை மிகுதியாக எரிக்கிறது. லாக்டிக் அமிலம் குறைவாகத் தேங்குகிறது. எனினும், மைட்டோகாண்ட்ரியாவின் பெருக்கம் ஓய்வுத் துடிப்பை நேரடியாகக் குறைப்பதில்லை. அதன் பயன் ஓட்டத்தில் வெளிப்படுவது. ஓய்வுத் துடிப்பு குறைவதன் காரணத்தை இதயத்திலேயே தேட வேண்டும்.

துடிப்பைக் குறைப்பது எது?

‘ஒரு துடிப்பில் மிகுதியான குருதி செல்வதால் துடிப்புகள் குறைகின்றன’ என்பது கணக்கின் விடை. ஆனால், இதயம் கணக்கறியாது. துடிப்பைத் தூண்டும் சைனோ ஏட்ரியல் கணு, நரம்புகளின் தலையீடு இன்றித் தானே இயங்கினால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். வேகஸ் நரம்பு அதனை அடக்கி 70 அளவில் வைத்திருக்கிறது. குருதி பெருகி வீச்சு உயரும்போது, தமனிச் சுவரிலுள்ள அழுத்த உணரிகள் அச்செய்தியை மூளைத்தண்டிற்கு அனுப்புகின்றன. வேகஸின் பிடி மேலும் இறுகுகிறது. நெடுங்காலம் இதுவே முழு விளக்கமாகக் கொள்ளப்பட்டது.

இதனைச் சோதிக்க ஒரு வழி உண்டு. வேகஸின் செயலை அட்ரோபின் மருந்தாலும், துடிப்பை விரைவுபடுத்தும் பரிவு நரம்பின் செயலைப் புரோப்ரனலால் மருந்தாலும் ஒரே நேரத்தில் தடுத்துவிடலாம். நரம்பு மட்டுமே காரணமாயின், அந்நிலையில் வீரரின் இதயமும் பிறரின் இதயமும் ஒரே வேகத்தில் துடிக்க வேண்டும். ஆனால், இத்தகைய ஆய்வுகள் பலவற்றில் வீரர்களின் இதயமே மெல்லத் துடித்தது. அப்படியானால், கணுவே மாறியிருக்க வேண்டும்.

2014ஆம் ஆண்டு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாயெட் குழுவினர், பயிற்சியளித்த எலிகளின் கணுவை ஆராய்ந்தனர். அடுத்த துடிப்பிற்கான மின்னோட்டத்தைத் தொடங்கிவைக்கும் அயனிக் கால்வாய்ப் புரதம் அதில் குறைந்திருந்தது. கால்வாய்கள் குறைந்தால் மின்னழுத்தம் மெல்ல ஏறும். அடுத்த துடிப்பும் காலம் தாழ்ந்தே வரும். மனிதரில் நரம்பின் பங்கு எவ்வளவு, கணுவின் பங்கு எவ்வளவு என்பது இன்றும் விவாதத்திற்குரியது.

எண் சொல்வதும் சொல்லாததும்

சில திங்கள் பயிற்சியில் ஓய்வுத் துடிப்பு சிறிதளவே குறையும். 50 என்னும் அளவு பலருக்குப் பல ஆண்டுப் பயிற்சிக்குப் பின்னரே வாய்க்கும். காலையில் கண்விழித்ததும், எழுவதற்கு முன், மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் முழுதும் எண்ணுவதே உரிய முறை. வழக்கத்தைவிடச் சில நாள்கள் தொடர்ந்து துடிப்பு உயர்ந்திருந்தால், அது காய்ச்சல், நீரிழப்பு, மிகைப்பயிற்சி ஆகியவற்றுள் ஒன்றைக் குறிக்கலாம். மெல்லத் துடிக்கும் இதயம் எல்லாம் பயிற்சி பெற்ற இதயமும் அன்று. துடிப்புக் குறைவுடன் மயக்கமோ, தலைச்சுற்றலோ, மார்புவலியோ சேர்ந்தால், அவர் வீரரே ஆயினும் மருத்துவரைக் காண வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. ஒரு வாரம் நாள்தோறும் காலையில் உங்கள் ஓய்வுத் துடிப்பை எண்ணி அட்டவணைப்படுத்துக. மாறுபட்ட நாளின் காரணத்தை ஆராய்க.
2. ‘நரம்பா, கணுவா?’ என்னும் தலைப்பில், இரு மருந்துச் சோதனையைச் சான்றாகக் கொண்டு வகுப்பறையில் உரையாடுக.