கூழுக்கு அப்பால்

நுழையும்முன்

சோறு வடித்துப் பழகிய அடுப்பில் முதன்முதலாகத் தினையோ கம்போ கேழ்வரகோ ஏறும்போது, சமையல் பெரும்பாலும் பதம் தவறிவிடுகிறது. ஒரு வேளை தவறியதும் பையின் வாயைக் கட்டி மூலையில் வைத்துவிடுகிறோம். இரண்டு மாதத்தில் அதில் வண்டு விழுகிறது. தவறு தானியத்தில் இல்லை. அரிசிக்குரிய கணக்கை அதன்மேல் ஏற்றுவதில் இருக்கிறது. அந்தக் கணக்கு எங்கே மாறுகிறது என்பதை இப்பகுதி விளக்குகிறது.

தமிழ்நாடு அரசு 2023ஆம் ஆண்டில் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில், 2 கிலோ அரிசிக்கு மாற்றாகக் கேழ்வரகு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. தருமபுரியில் களி கிண்டத் தெரிந்த கைகள் இன்றும் உண்டு. தென்காசி மாவட்டத்தில், மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள இராயகிரியின் நிலை வேறு. குளத்துப் பாசனத்தில் நெல் விளையும் பகுதி இது. முதியோர் சிலருக்குக் கம்பஞ்சோறும் கேப்பைக் கூழும் நினைவில் இருக்கலாம். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கோ கூழ் என்பது கோவில் கொடையிலும் கோடை வெயிலிலும் மட்டும் குடிப்பது. அத்தகைய வீடு ஒன்றில் நான்கு பேர் இருப்பதாகக் கொள்வோம். கூழைத் தவிர வேறு எதை, எந்த வரிசையில் அவர்கள் சமைத்துப் பார்க்கலாம்?

தினையிலிருந்து தொடங்குவதே நன்று என்பது என் கருத்து. உமி நீக்கிய தினை, அரிசியைப்போல் முழு மணியாகவே வேகும். உண்ணும் முறையும் மாறாது. குறிஞ்சி நிலத்துப் புனங்களில் கிளியோட்டிக் காத்த பயிராகவே தினையை நாம் செய்யுள்களில் அறிந்திருக்கிறோம். அடுப்படியில் அதன் இயல்பு வேறு. மணி மிகச் சிறியது. ஆதலால் நிறைய நீரில் கொதிக்கவைத்து வடித்தால், மேற்புறம் கரைந்து குழைய, உள்ளே நடுப்பகுதி வேகாமல் நிற்கும். கஞ்சி வடிக்காமல், அளந்த நீரை முழுவதும் உறிஞ்சச் செய்வதே தினைக்கு உரிய முறை.

நால்வருக்கு இரண்டு குவளைத் தினை போதும். முதலில் கல் அரிக்க வேண்டும். தினையளவே உள்ள மணல் கண்ணுக்குத் தெரியாது, பல்லுக்குத்தான் தெரியும். அகன்ற பாத்திரத்தில் நீர்விட்டு அலசி, மிதந்துவரும் தினையைச் சிறிது சிறிதாக வேறு பாத்திரத்திற்குச் சாய்த்தால் மணல் அடியில் தங்கும். பின்னர் அரைமணி நேரம் ஊறவைத்து நீரை வடித்துவிட வேண்டும். நான்கு குவளை நீரை உப்பிட்டுக் கொதிக்கவைத்து, தினையைப் போட்டு மூடி, சிறுதீயில் ஏறத்தாழப் பதினைந்து நிமிடம் வேகவிட வேண்டும். இடையில் கிளறினால் பசையாகிவிடும். நீர் வற்றியதும் அடுப்பை அணைத்து, மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம் விட வேண்டும். பலர் விட்டுவிடும் படி இதுவே. உள்ளே தங்கிய ஆவிதான் நடுமணியை வேகவைக்கிறது. ஒரு மணியை விரலிடையில் நசுக்கிப் பாருங்கள். நடுவே வெள்ளைப் புள்ளி தெரிந்தால் கால் குவளை வெந்நீர் தெளித்து, மீண்டும் மூடிச் சிறுதீயில் வைக்க வேண்டும்.

தினைச்சோறு ஆறினால் விறைத்து உதிரியாகும். குழம்பு ஊற்றி உண்ணுவோர்க்கு இது குறை; தாளித்த சோற்றுக்கு இதுவே நிறை. பக்கத்துப் புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்பெற்ற ஊர். கடுகு, உளுத்தம்பருப்பு, நிலக்கடலை, வற்றல், கறிவேப்பிலை, மஞ்சள் தாளித்து ஆறிய தினையில் கலந்து, இறுதியில் இரண்டு பழத்தின் சாற்றைப் பிழிந்தால் பள்ளிக்குக் கொண்டுசெல்லும் மதிய உணவு ஆயத்தம். முதல்முறை முழுக்கத் தினையாகச் சமைக்கத் தயங்கினால், பொங்கலில் அரிசிக்குப் பாதியாகச் சேர்க்கலாம்.

அடுத்தது கேழ்வரகு, இப்பகுதி வழக்கில் கேப்பை. இதன் மேல்தோல் மணியோடு இறுக ஒட்டியிருப்பதால் அரிசிபோல் தீட்டிச் சமைப்பது எளிதன்று. எனவேதான் இதை மாவாக்கியே உண்கிறோம். கேழ்வரகு மாவில், கோதுமை மாவை இழுபடச் செய்யும் பசைப்புரதம் இல்லை. குளிர்ந்த நீரில் பிசைந்து உருட்டித் தேய்த்தால் விளிம்பெல்லாம் வெடிக்கும். ஆதலால் அடை தட்ட வேண்டுமெனில் கொதிநீரை மாவில் ஊற்றிக் கரண்டியால் கலக்கி, மூடிவைத்துக் கைபொறுக்கும் சூட்டில் பிசைய வேண்டும். வெப்பத்தால் மாவுச்சத்து நீரை ஏற்று வீங்கிப் பசையாகி, மாவை ஒன்றாகப் பிடித்துவைக்கும்.

எனினும் புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது புட்டு. இரண்டு குவளை மாவைச் சிறுதீயில் மணம் வரும்வரை வறுத்து ஆறவிட வேண்டும். உப்புக் கரைத்த வெதுவெதுப்பான நீரைத் தெளித்துத் தெளித்து விரல் நுனியால் பிசிற வேண்டும். ஏறத்தாழ முக்கால் குவளை நீர் பிடிக்கும். கையில் பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும். விரலால் தட்டினால் உதிர வேண்டும். இந்தப் பதம் வந்துவிட்டது என்று உடனே ஆவியில் ஏற்றுவதுதான் தவறு. கேழ்வரகு மாவு நீரை மெல்லத்தான் உள்வாங்கும். பதினைந்து நிமிடம் மூடிவைத்துவிட்டுப் பார்த்தால் பிடி நிற்காது, காய்ந்திருக்கும்; மீண்டும் சிறிது தெளிக்க வேண்டும். நான் முதன்முதலில் செய்த புட்டு தொண்டையை அடைத்ததற்கு இந்தப் பதினைந்து நிமிட அவசரமே காரணம். கட்டி விழுந்திருந்தால் சல்லடையில் தேய்த்துவிடலாம். இட்லிக் கொப்பரையில் துணி விரித்துப் பத்து, பன்னிரண்டு நிமிடம் அவிக்கும்போது, வெளிறிய மாவு கரும்பழுப்பாக மாறும். எங்கேனும் வெளிறிய திட்டு எஞ்சியிருந்தால் அவ்விடத்தில் நீர் சேரவில்லை என்று பொருள். அங்கு மட்டும் நீர் தெளித்து மறுபடி அவிக்கலாம். சூட்டோடு தேங்காய்த் துருவலும் கருப்பட்டித் தூளும் கலந்தால் சிறுவர் மறுக்கமாட்டார்கள்.

கம்பை இறுதிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. அரிசியைவிடக் கம்பில் கொழுப்பு மிகுதி. முழு மணியாக இருக்கும்வரை அது கெடுவதில்லை. அரைத்தவுடன் அக்கொழுப்பு மணியிலுள்ள நொதியோடும் காற்றோடும் கலந்து சிதையத் தொடங்கும். சில நாள்களிலேயே மாவில் பழைய எண்ணெயின் வாடையும் கசப்பும் தோன்றும். 'கம்பு கசக்கும்' என்று சொல்வோரில் பலர் உண்டது பழைய மாவாகவே இருக்கக்கூடும். கசந்த மாவை வறுத்தோ வெல்லம் சேர்த்தோ மீட்க முடியாது. எனவே கம்பை மணியாக வாங்கி, வேண்டும்போது ஊறவைத்து அரைப்பதே பாதுகாப்பு.

தோசைக்கு இரண்டு குவளைக் கம்பு, ஒரு குவளை இட்லி அரிசி, அரைக் குவளை உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம் என்பது தொடக்கக் கணக்கு. கம்பை அலசி, மிதக்கும் பதரை நீக்கி, எட்டு மணி நேரம் தனியே ஊறவைக்க வேண்டும். அரிசிக்கும் வெந்தயம் சேர்த்த உளுந்துக்கும் நான்கு மணி நேரம் போதும். உளுந்தைப் பொங்க அரைத்தெடுத்த பின், கம்பைக் குறைந்த நீரில், விரலில் நறநறப்புத் தட்டாதவரை அரைக்க வேண்டும். தோல் கடினமானது என்பதால் இதற்கு அரிசியைவிட நேரம் பிடிக்கும். பொறுமை குறைந்தால் தோசை மணல்போல் கடிபடும். கோடையில் ஆறு மணி நேரத்திலேயே மாவு பொங்கிப் புளித்துவிடும்; ஆகவே இரவு அரைத்தால் விடியற்காலையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அரிசிமாவைப்போல் இதை மெல்லிதாக இழுத்தால் கிழியும். சற்றுத் தடிப்பாக வார்த்து, மிதமான தீயில் மூடிவைத்து, ஓரம் தானே கல்லைவிட்டு எழும்பிய பின்னரே திருப்ப வேண்டும். மறுநாள் புளிப்பேறிய மாவில் சின்னவெங்காயமும் பச்சைமிளகாயும் அரிந்து தாளித்துச் சேர்த்துப் பணியாரக் குழியில் ஊற்றிவிடலாம்.