ஒரு நாள் சம்பளம் என்றால் எத்தனை மணி நேரம்?

சென்னையில் சின்ன விளம்பரப் படங்களுக்கும் குறும்படங்களுக்கும் சம்பளம் பெரும்பாலும் போனிலேயே பேசி முடிந்துவிடுகிறது. “ஒரு நாளைக்கு ஆறாயிரம், பேட்டா தனி” என்கிறார் தயாரிப்பு நிர்வாகி. ஒலிப்பதிவாளரும் சரி என்கிறார். அந்த ஆறாயிரம் எத்தனை மணி நேரத்துக்கு என்று இருவருமே கேட்டுக்கொள்வதில்லை. ‘டீல் மெமோ’ என்னும் ஒரு பக்க ஒப்பந்தத்தில் முதலில் எழுத வேண்டியது அதைத்தான்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். காலை 6 மணிக்குக் கால்டைம். ‘பேக்கப்’ சொல்லும்போது இரவு 7.20. மெமோவில் ‘உணவு இடைவேளை உட்பட 10 மணி நேரம்; அதன்பின் மணிக்கு ஒன்றரை மடங்கு; அரை மணி அரை மணியாகக் கணக்கு’ என்று இருந்தால், ஒரு மணிக்கு ரூ.600, ஓவர்டைமுக்கு ரூ.900. மாலை 4 மணிக்குத் தொடங்கும் ஓவர்டைம் மூன்றரை மணி நேரம் ஆகிறது. அதற்கு ரூ.3,150 சேர்த்து, மொத்தம் ரூ.9,150.

அதே மெமோவில் 12 மணி நேரம் என்று எழுதியிருந்தால், மணிக்கு ரூ.500தான். ஓவர்டைம் 6 மணிக்குத்தான் தொடங்கும். ஒன்றரை மணி நேரத்துக்கு, மணிக்கு ரூ.750 வீதம், ரூ.1,125. மொத்தம் ரூ.7,125. பேசிய சம்பளம் ஒன்றுதான், உழைப்பும் ஒன்றுதான். ஆனாலும் கையில் வருவதில் ரூ.2,025 குறைகிறது.

கடிகாரம் எங்கே ஓட ஆரம்பிக்கிறது என்பதும் முக்கியம். செட்டுக்கு வந்த நேரமா, அலுவலகத்தில் வண்டி ஏறிய நேரமா? பேக்கப் சொன்னதோடு முடிகிறதா, மைக்கையும் கேபிளையும் பெட்டியில் வைத்த பிறகா? ஓவர்டைமுக்குச் சம்மதம் தர வேண்டியவர் யார் என்பதையும் எழுதிவிட வேண்டும். உதவி இயக்குநர் “இன்னும் ஒரே ஒரு ஷாட்” என்று நிறுத்தி வைத்த நேரத்தை, பிறகு தயாரிப்பு தரப்பு ஒப்புக்கொள்ளாமல் போவதுண்டு. பேக்கப் நேரத்தை அன்றன்றே வாட்ஸ்அப்பில் அனுப்பி, “சரி” என்ற பதிலை வாங்கிவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அடுத்தது ரத்து. தேதியை ஒருவருக்குக் கொடுத்துவிட்டால் அன்றைக்கு வேறு வேலை எடுக்க முடியாது, இழப்பு அங்கேதான். அதனால் படிப்படியாக எழுதுவது நியாயம்: 72 மணி நேரத்துக்கு முன் சொன்னால் ஒன்றுமில்லை, 72 முதல் 24 மணி நேரத்துக்குள் பாதி, அதற்கும் குறைந்தால் முழுச் சம்பளம். ஒவ்வொரு நாளுக்கும் அந்தந்த நாளின் கால்டைமிலிருந்து எண்ண வேண்டும். சனி, ஞாயிறு காலை 6 மணி படப்பிடிப்பை வெள்ளி காலை 10 மணிக்கு ரத்து செய்தால், சனிக்கு 20 மணி நேரம்தான் இருக்கிறது, ரூ.6,000 முழுதாகத் தர வேண்டும். ஞாயிறுக்கு 44 மணி நேரம் இருப்பதால் ரூ.3,000.

“ரத்து இல்லை, தள்ளிவைக்கிறோம்” என்று சொன்னால்? தள்ளிவைப்பும் ரத்துதான் என்று ஒரு வரி இருக்கட்டும். மழைக்கு என்ன ஏற்பாடு என்பதையும் தனியாகப் பேசி எழுதிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மழையால் நின்ற படப்பிடிப்பில் தயாரிப்பாளருக்கும் நஷ்டம்தான். பாதிச் சம்பளம் என்று இருவரும் முன்கூட்டியே ஒத்துக்கொண்டால், மேகம் கறுக்கும்போது தயாரிப்பாளரும் செலவைக் கணக்கிட்டு முடிவெடுக்கலாம்.