அறிக்கையில் 12, உடம்பில் 24

இரண்டு வயதுக் குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். இருக்க வேண்டிய எடை 12 கிலோவை ஒட்டி. தராசு காட்டுவதோ 6.5 கிலோ. எலும்போடு தோல் ஒட்டிய இந்தக் குழந்தைக்கு வலிப்பு வருகிறது. ஃபெனிட்டாயின் மருந்து தொடங்குகிறார்கள். வழக்கமான கணக்கு, கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம். வயதைப் பார்த்து எழுதினால் 60 மில்லிகிராம் வரும். எடையைப் பார்த்து எழுதினால் சுமார் 32. முதல் பிழை இங்கேயே நடந்துவிடலாம். காலில் நீர் கோத்திருந்தால் தராசையும் முழுதாக நம்ப முடியாது. அந்த எடையில் ஒரு பங்கு வெறும் நீர்.

எடையைச் சரியாகப் பிடித்தாலும் கதை முடிவதில்லை. ரத்தத்தில் போகும் ஃபெனிட்டாயினில் சுமார் 90 சதவீதம் அல்புமின் என்ற புரதத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். மூளைக்குள் போய் வேலை செய்வது ஒட்டாமல் மிஞ்சும் 10 சதவீதம்தான். பட்டினியில் வாடிய குழந்தையின் அல்புமின், 3.5 கிராமுக்கு மேல் இருக்க வேண்டியது, 2 கிராமுக்கு இறங்கியிருக்கிறது. ஒட்ட இடமில்லாததால் கட்டற்ற பங்கு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது.

ஆய்வகமோ பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே அளக்கும். அறிக்கையில் 12 என்று வருகிறது. 10 முதல் 20 வரை சரி என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஷைனர்-டோசர் சூத்திரப்படி அல்புமினை 0.2 ஆல் பெருக்கி, 0.1 கூட்டினால் 0.5. பன்னிரண்டை அதால் வகுத்தால் 24. அதாவது, சாதாரண உடம்பில் 24 இருந்தால் என்ன ஆகுமோ, அதுதான் இந்தக் குழந்தைக்கு ஆகிக்கொண்டிருக்கிறது.

இது தெரியாமல், வலிப்பு நிற்கவில்லையே என்று மருந்தைக் கூட்டுவதுதான் பெரிய ஆபத்து. ஃபெனிட்டாயினை ஈரல் ஓரளவுக்கு மேல் வேகமாகக் கழிக்காது. அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் சிறிது கூட்டினாலும் ரத்த அளவு எகிறும். அளவு மிஞ்சினால் அந்த மருந்தே வலிப்பைத் தூண்டவும் கூடும்.

சூத்திரம் பெரியவர்களை வைத்து உருவானது. குழந்தைகளிடம் அது உத்தேசம் மட்டுமே. கட்டற்ற மருந்தைத் தனியாக அளக்க வசதி இருந்தால் அதுதான் நல்லது. இல்லாத ஊரில் குழந்தையைத்தான் பார்க்க வேண்டும். கண்மணிகள் பக்கவாட்டில் துடிக்கின்றனவா, உட்கார வைத்தால் தள்ளாடுகிறதா, வாந்தியா, எழுப்பினாலும் மயக்கத்தில் கிடக்கிறதா? இவை தெரிந்தால், எண் எதுவாக இருந்தாலும் மருத்துவர் அடுத்த வேளை மருந்தை நிறுத்திவைத்து, மறுபடி அளந்து, குறைந்த அளவில் தொடங்குவார். தாய் தானாக நிறுத்தக் கூடாது. திடீரென நின்றால் வலிப்பு திரும்பும்.

கொழுப்பு இல்லாததன் தொல்லை டயசிபாம் போன்ற மருந்துகளில் தெரியும். மூளையில் இருந்து அது கொழுப்புக்கும் தசைக்கும் நகர்ந்த பிறகே மயக்கம் தெளியும். இரண்டும் வற்றிய உடம்பில் அது தாமதமாகலாம். அதனால் ஊசி போட்டவர் மூச்சைக் கவனித்தபடி பக்கத்திலேயே இருப்பார்.

சத்துணவு சேரச் சேர எடை ஏறும், அல்புமினும் ஏறும். அப்போது பழைய அளவு போதாமல் போகும். ஆகவே எடை ஏறும்போதெல்லாம் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். வீட்டில் சிரப்பாகக் கொடுப்பவர்கள் பாட்டிலை நன்றாகக் குலுக்கியாக வேண்டும். மருந்து அடியில் படிவதால், குலுக்காவிட்டால் முதல் நாட்களில் குறைவாகவும் கடைசியில் அதிகமாகவும் போய்ச் சேரும்.