குருக்களின் மரண அறிவித்தல்

யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றில் மரண அறிவித்தல்களை வாங்கிப் பதியும் மேசையில் சில வருடங்கள் இருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் கோயில் குருக்கள் ஒருவரின் மூத்த மகன் வந்தார். அன்று விடியப்புறம்தான் தகப்பனார் சிவபதம் அடைந்திருந்தார். கையில் கொப்பித்தாள் ஒன்று.

முதல் சொல்லிலேயே அவர் கவனமாக இருந்தார். நான் வழக்கம்போல 'பிரம்மஸ்ரீ' என்று எழுத, "அப்பாவுக்கு ஆசாரியாபிஷேகம் நடந்தது, 'சிவஸ்ரீ' எண்டு போடுங்கோ அண்ணை" என்றார். பிறப்பிடம், வதிவிடம், மனைவி, பிள்ளைகள், மருமக்கள், சகோதரர், மைத்துனர் என்று பட்டியல் நீண்டது. அச்சில் வெறும் உறவுப் பட்டியலாகத்தான் தெரியும். ஆனால் பூசை செய்யும் குடும்பத்துக்கு அதில் வேறு அலுவலும் இருக்கிறது. பங்காளிகள் எல்லோருக்கும் பத்து நாள் ஆசௌசம். அந்த நாட்களில் அவர்கள் எந்தக் கோயில் மூலஸ்தானத்துக்குள்ளும் போக முடியாது. செய்தி கேட்ட நாளை வைத்தும் கணக்கு மாறும். பத்து நாளுக்குள் கேட்டவருக்கு மிச்ச நாட்கள் மட்டும், பத்து நாள் கழிந்து கேட்டவருக்கு மூன்று இரவுகள், வருடம் கழிந்து கேட்டவருக்கு முழுக்கு மட்டும் என்று மனு ஸ்மிருதி சொல்கிறது. கொழும்பிலோ மட்டக்களப்பிலோ பூசை செய்யும் பங்காளி ஒருவர் காலையில் பத்திரிகையைப் பார்த்துவிட்டுத்தான் மாற்று ஐயரைத் தேடுவார்.

அடுத்தது நேரம். கொப்பித்தாளில், 'நாளை காலை கிரியைகள் நடைபெற்று' என்று இருந்தது.

"தம்பி, நாளையெண்டு எழுதியிருக்கிறியள். பேப்பர் நாளைக்குத்தான் வரும். வாசிக்கிற சனம் வியாழக்கிழமை எண்டெல்லோ நினைக்கும்?"

அவர் திடுக்கிட்டுப் போனார். எங்கள் மேசையிலேயே முன்பு ஒருமுறை இந்தப் பிழை நடந்திருக்கிறது. சாவீட்டுக்கு மறுநாள் போய் இறங்கிய முதியவர் ஒருவர், வெறும் பந்தலைப் பார்த்துவிட்டு வந்து என் முன்னால் நின்று அழுதார். அதற்குப் பிறகு திகதியும் கிழமையும் இல்லாமல் 'இன்று', 'நாளை' என்ற சொல்லை நான் தனியாக விட்டதில்லை. மு.ப., பி.ப. என்பதையும் வாய்விட்டு வாசித்துக் காட்டுவேன்.

கிரியை மு.ப. 9 மணிக்கு, பூதவுடல் எடுப்பது மு.ப. 10.15க்கு என்று நேரம் குறித்திருந்தார்கள். புதன்கிழமை எமகண்டம் 7.30 முதல் 9 வரை. குளிகை 10.30க்குத் தொடங்கும், குளிகையில் செய்தது திரும்பவும் நடக்கும் என்பதால் அந்த நேரத்தில் பிரேதம் எடுக்கமாட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு இராகு காலம் வந்துவிடும். இத்தனைக்கும் நடுவில் கிடைத்தது அந்த ஒன்றரை மணித்தியாலம். அவர்கள் வீடு கோயிலின் வெளிவீதியில் இருந்தது. பிரேதம் வீதியில் கிடக்கும்வரை கோயிலில் பூசை நடக்காது. எடுத்து, வீதி கழுவி, புண்ணியாகவாசனம் செய்த பிறகுதான் கதவு திறக்கும். அதனால்தான் இரண்டு நேரத்தையும் தனித்தனியாகப் போடச் சொன்னேன். முகம் பார்க்க வருகிறவர்கள் 9 மணிக்கு முன்னரே வந்துவிட வேண்டும். பூதவுடலை முழுக்காட்டிக் கிரியை தொடங்கினால் பிறகு கிட்டப் போக இடமிராது.

கடைசி வரிக்கு வந்தபோது அவர் குரல் தழுதழுத்தது. "மலர்வளையம் வேண்டாமெண்டு போடுங்கோ. அப்பா ஐம்பது வருசம் சுவாமிக்குப் பூக்கட்டினவர். சுவாமிக்குச் சாத்தின மாலை ஒண்டு வரும், அது போதும்."

மலர்வளையத்தைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: உள்ளே கம்பி வளையம், வைக்கோல் அல்லது ஸ்பொஞ்ச், வெளியே பிளாஸ்டிக் நாடா. சிதையில் அது முழுதாக எரியாது. காடாற்றுக்குப் போய்ச் சாம்பலுக்குள் எலும்பு பொறுக்கும் பிள்ளையின் விரலில் கறுத்த கம்பி தட்டுப்படும். மயானம் வரைக்கும் வீதியில் உதிர்ந்துபோகும் பூவும் சுவாமி வலம்வரும் பாதையில்தான் கிடக்கும்.

ஆனால் 'மலர்கள் தவிர்க்கவும்' என்று மட்டும் போட்டால் வருகிறவர்கள் தடுமாறுவார்கள், வெறுங்கையோடு போவதா என்று. அதனால் அந்த வரியை இருவரும் சேர்ந்து எழுதினோம்: "மலர்வளையங்களையும் மாலைகளையும் தயவுசெய்து தவிர்க்கவும். விரும்புவோர் வில்வமோ உதிரிப்பூவோ கொண்டுவந்து வீட்டினுள் வைத்து அஞ்சலி செய்யலாம்."

புதன்கிழமை நானும் போனேன். வாசலில் யாரோ கொண்டுவந்த ஒரேயொரு மலர்வளையம் மதிலோடு சாத்தியிருந்தது. யாரும் குறைசொல்லவில்லை, உள்ளே எடுக்கவுமில்லை. குருக்களின் மார்பில் சுவாமிக்குச் சாத்திய மாலை வாடிக் கிடந்தது. காலடியில் பனையோலைப் பெட்டி நிறைய வில்வம். பத்தேகாலுக்கு எடுத்தார்கள். பெண்கள் வீதியைக் கழுவினார்கள். பின்னேரம் அயலூர் ஐயர் ஒருவர் வந்து கதவைத் திறந்து மணி அடித்தார்.