நகரியில் சாட்சி, திருத்தணியில் கோர்ட்: வீடியோ விசாரணை எப்படி நடக்கிறது?

திருத்தணி கோர்ட்டில் ஓர் அடிதடி வழக்கு என்று வைத்துக்கொள்வோம். குற்றம்சாட்டப்பட்டவர் புழல் சிறையில் இருக்கிறார். சம்பவத்தைப் பார்த்த சாட்சியோ எல்லை தாண்டி, ஆந்திராவின் நகரியில் இருக்கிறார். இருவரும் திருத்தணிக்கு வராமலேயே சாட்சியம் பதிவு செய்ய முடியுமா? முடியும்.

திரையில் தெரிந்தால் போதுமா?

சாட்சியத்தைக் குற்றம்சாட்டப்பட்டவர் முன்னிலையில்தான் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். 'முன்னிலை' என்றால் உடலால் எதிரில் நிற்பதா? மகாராஷ்டிரா அரசு எதிர் பிரஃபுல் தேசாய் வழக்கில் இந்தக் கேள்வி எழுந்தது. அதில் அமெரிக்க மருத்துவர் ஒருவர் சாட்சி சொல்லத் தயார், ஆனால் இந்தியா வர முடியாது என்றார். வீடியோவில் விசாரிக்க விசாரணை நீதிமன்றம் அனுமதித்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2003 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றம் மீண்டும் அனுமதி கொடுத்தது. பார்க்கவும் கேட்கவும் குறுக்கு விசாரணை செய்யவும் முடிந்தால் அதுவும் முன்னிலைதான் என்பது தீர்ப்பின் சாரம்.

சாட்சி பக்கத்துல யாரு இருப்பாங்க?

உச்ச நீதிமன்ற மின்-குழுவின் 2020 மாதிரி விதிகள்படி, சாட்சி இருக்கும் இடத்திலும் ஓர் ஒருங்கிணைப்பாளர் வேண்டும். நகரி சாட்சி அங்குள்ள கோர்ட்டில் உட்கார்ந்தால், அந்த மாவட்ட நீதிபதி நியமிக்கும் அலுவலர்தான் அவர். சிறையில் கண்காணிப்பாளர்; வெளிநாட்டில் இந்தியத் தூதரக அதிகாரி.

சாட்சியின் அடையாளத்தைச் சரிபார்ப்பதும், யாரும் சொல்லிக்கொடுக்காமல் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு. அனுமதியில்லாமல் சாட்சி காகிதத்தையோ போனையோ பார்க்கக் கூடாது. சாட்சிக்குத் தெலுங்குதான் தெரியும் என்றால் மொழிபெயர்ப்பாளர் தேவை என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பாதியில் தேடினால் வாய்தாதான். முடிந்ததும் வாக்குமூலத்தின் பிரதியில் சாட்சி கையெழுத்துப் போடுவார். அசல் பிறகு தபாலில் திருத்தணிக்கு வந்துசேரும்.

எங்கே சிக்கல் வரும்?

பதில் சொல்லும் முன் சாட்சியின் கண் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் போகிறதா? திரைக்கு வெளியே யாரோ இருக்கலாம். வழக்கறிஞர் அப்போதே ஆட்சேபித்து, அறை முழுவதையும் காட்டச் சொல்ல வேண்டும். நடுவில் குரல் அறுந்துபோனால், அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கச் சொல்லி, அறுந்ததைப் பதிவிலும் ஏற்றச் சொல்ல வேண்டும். அப்பீலில் போய், "அன்னைக்கு சரியா கேக்கலை" என்றால் எடுபடுவது கஷ்டம்.

சிறையில் இருப்பவருக்குத்தான் இழப்பு அதிகம். கோர்ட்டில் என்றால், சாட்சி பொய் சொல்லும்போது வக்கீல் காதில் கிசுகிசுக்கலாம். திரையில் அது முடியாது. அதனால்தான் விசாரணைக்கு முன்பும் நடுவிலும் பின்பும் வக்கீலிடம் தனியாகப் பேச அவருக்கு வாய்ப்பு தர வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன. "வக்கீல்கிட்ட தனியா பேசணும்" என்று கைதி திரையிலேயே நீதிபதியிடம் கேட்கலாம்.

எல்லாவற்றுக்கும் வீடியோ போதுமா?

போதாது. கைதானவரை முதல்முறை மாஜிஸ்திரேட் முன் நேரில்தான் கொண்டுவர வேண்டும். போலீஸ் காவலில் இருக்கும்வரையும் அப்படித்தான். அடிபட்டிருக்கிறதா என்று நேரில் பார்ப்பதுபோல் கேமராவில் பார்க்க முடியாது. நீதிமன்றக் காவலுக்குப் போன பிறகு, காவல் நீட்டிப்புக்குத் திரையில் ஆஜரானால் போதும்.